வீல்சேர் சாய்தளம் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரைபடம் சரிபார்க்கும் வேலையில் இருப்பதால் பாலிடெக்னிக் மாணவர்களும் சைட் இன்ஜினியர்களும் ராம்ப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கேட்பவர் மாறுகிறார், சந்தேகம் மாறுவதில்லை. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்தேன். கணக்கு வரும் இடங்களில் ஒரே உதாரணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறேன்: சாலையோரமாக ஒரு சின்ன நூலகக் கட்டடம், உள்தரை வெளித்தரையைவிட 600 மி.மீ. உயரம், முகப்பில் 9 மீட்டர் நீளமும் 4.5 மீட்டர் ஆழமும் காலி இடம்.

1:12 என்றால் 12 டிகிரி சாய்வா சார்?

இல்லை. ஒரு பங்கு ஏறுவதற்குப் பன்னிரண்டு பங்கு தூரம் போக வேண்டும் என்று அர்த்தம். டிகிரியில் சொன்னால் 4.76, சதவீதத்தில் 8.33. கம்ப்யூட்டரில் கோட்டை 12 டிகிரி திருப்பிவிட்டு "ராம்ப் போட்டாச்சு" என்று கொண்டுவந்தவர்கள் உண்டு. அது ஏறக்குறைய 1:4.7. அதில் வீல்சேரைக் கையால் உருட்டி ஏற முடியாது, பின்னாலிருந்து தள்ளுகிறவருக்கே மூச்சு வாங்கும்.

வரையும்போது கோணத்தை மறந்துவிடுங்கள். தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி இரண்டின் மட்டத்தையும் குறித்துக் கோட்டால் இணையுங்கள். சாய்வு தானாக வரும்.

பிளின்த் உயரத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் நீளம் வந்துவிடுமா?

பெருக்கல் சரிதான், ஆனால் எந்த உயரத்தைப் பெருக்குகிறீர்கள் என்பதில்தான் வினை. பிளானில் எழுதியிருக்கும் பிளின்த் உயரம், அதாவது கட்டட அடிமேடையின் உயரம், பெரும்பாலும் கான்கிரீட் மட்டம். அதன் மேல் கலவையும் டைலும் வரும். வெளியே பேவர் பிளாக் போட்டால் அந்தத் தரையும் ஏறும். இரண்டு பக்கமும் வேலை முடிந்தபின் இருக்கும் மட்டங்களின் வித்தியாசம்தான் நமக்கு வேண்டும்.

நான் பார்த்த ஒரு கட்டடத்தில் பிளின்த் 450 என்று படம் சொன்னது. பன்னிரண்டால் பெருக்கி 5.4 மீட்டருக்கு ராம்ப் போட்டுவிட்டார்கள். அப்புறம் உள்ளே டைல் ஒட்டினார்கள், தரை 50 மி.மீ. ஏறியது. வெளியே மண் தரை அப்படியே இருந்தது. இப்போது வாசற்படியில் 50 மி.மீ. மேடு. மேஸ்திரி அதைக் கடைசி ஒரு மீட்டரில் சிமெண்ட் வைத்துச் சரிக்கட்டினார். ஏற்கெனவே அந்த ஒரு மீட்டரில் 83 மி.மீ. ஏற்றம், அதோடு இந்த 50 சேர்ந்து 133. அதாவது 1:7.5. ஏறி வருகிறவர் களைத்துப்போகும் இடத்தில்தான் சுவர்போல நிற்கிறது சாய்வு.

அதனால் கோடு போடுவதற்கு முன் கட்டடக்காரரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: உள்ளே என்ன தரை வருகிறது, வெளியே என்ன தரை வருகிறது. நமது உதாரணத்தில் 600 என்பது டைல் மேற்பரப்பிலிருந்து பேவர் மேற்பரப்பு வரை.

லேண்டிங்கும் அந்த 7.2 மீட்டருக்குள்ளேயே அடங்குமா?

அடங்காது. நான் திருப்பி அனுப்பும் படங்களில் அதிகம் இருப்பது இந்தத் தவறுதான். 600-ஐ 12-ஆல் பெருக்கி வரும் 7.2 மீட்டர் முழுவதும் சாய்ந்த பகுதி மட்டும். நடுவில் லேண்டிங் எனும் 1.5 மீட்டர் சமதளத்தை அதற்குள்ளேயே நுழைத்தால், ஏறுவதற்கு மிஞ்சுவது 5.7 மீட்டர். 600-ஐ 5.7 மீட்டரில் ஏறினால் சாய்வு 1:9.5. மேலே "1:12" என்று அழகாக எழுதியிருப்பார்கள், எண்களைக் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

லேண்டிங் எத்தனை மீட்டருக்கு ஒன்று போட வேண்டும்? எவ்வளவு பெரிதாக?

மத்திய அரசு 2016-இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டியின்படி, 300 முதல் 750 மி.மீ. வரை ஏற்றம் இருந்தால் 1:12 சாய்வு, 1.5 மீட்டர் அகலம், ஒவ்வொரு 5 மீட்டர் சாய்வு ஓட்டத்துக்கும் ஒரு லேண்டிங். 750-ஐத் தாண்டினால் சாய்வையே 1:15 ஆக்கச் சொல்கிறது. 2021-இல் இதன் திருத்திய பதிப்பு வந்திருக்கிறது. அனுமதிக்குப் போகும் படமென்றால் அதையும் உங்கள் உள்ளாட்சியின் கட்டட விதியையும் ஒரு தரம் புரட்டிவிட்டுப் போங்கள்.

லேண்டிங்கின் அளவு குறைந்தது 1.5 மீட்டருக்கு 1.5 மீட்டர். ஒரு வீல்சேர் நின்ற இடத்தில் முழுதாகத் திரும்ப வேண்டிய வட்டம் அது. மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் வந்தால் அங்கும் ஒன்று. கீழ் லேண்டிங்கைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள், "அது தரைதானே" என்று. ராம்ப் முடியும் இடத்தில் உடனே சாக்கடை மூடியோ பைக் நிறுத்தமோ இருந்தால் இறங்கி வருகிறவர் நிற்க இடமில்லை. அதையும் பிளானில் கட்டமாக வரைந்து அளவு எழுதுங்கள்.

மொத்தமே 9 மீட்டர்தான் இருக்கிறது. எப்படிப் பொருத்துவது?

நமது நூலகம் அதேதான். முதலில் சாய்வை முடிவு செய்வோம். 1:12 என்பது எல்லை, குறிக்கோள் அல்ல. படத்தில் சரியாக 1:12 வரைந்தால் கட்டும்போது ஒரு சென்டிமீட்டர் பிசகினாலும் எல்லை தாண்டிவிடும். நான் எப்போதும் 1:13 போடுவேன். 600 × 13 = 7.8 மீட்டர். 5 மீட்டரைத் தாண்டுவதால் நடுவில் லேண்டிங் வேண்டும். சமமாகப் பிரித்தால் 3.9 மீட்டரில் இரண்டு ஓட்டம், ஒவ்வொன்றும் 300 மி.மீ. ஏறும்.

நேராகப் போட்டால் 1.5 + 3.9 + 1.5 + 3.9 + 1.5, மொத்தம் 12.3 மீட்டர். இடமில்லை. மடக்கிப் போட்டால் போய்த் திரும்பி வரும், அப்போது நீளம் 1.5 + 3.9 + 1.5, அதாவது 6.9 மீட்டர்தான். முதல் ஓட்டம் சாலைப் பக்கமாக ஏறி +300 மட்டத்தில் திருப்பு லேண்டிங்குக்கு வருகிறது. அங்கே திரும்பி, இரண்டாம் ஓட்டம் கட்டடச் சுவரை ஒட்டி ஏறிக் கதவுக்கு முன்னால் +600-இல் முடிகிறது. மிச்சமிருக்கும் 2.1 மீட்டரில் படிக்கட்டு வந்துவிடும்.

படிக்கட்டு எதற்கு, ராம்ப் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். ஊன்றுகோலோ செயற்கைக் காலோ வைத்து நடப்பவர்களில் பலருக்கு நீண்ட சாய்வைவிட நாலு படி எளிது.

திருப்பத்தில் ஒன்று கவனியுங்கள். சுழற்படிபோல லேண்டிங்கையும் சாய்த்து ஏற்றத்தைக் கொஞ்சம் அங்கேயே முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். கூடாது. சாய்ந்த தளத்தில் வண்டியைத் திருப்பினால் ஒரு பக்கச் சக்கரம் தாழ்ந்து, முன்சக்கரம் தன் போக்கில் பள்ளத்தை நோக்கி இழுக்கும்.

1.5 மீட்டர் அகலம் என்பது சுவரிலிருந்து சுவர் வரையா?

கைப்பிடியிலிருந்து கைப்பிடி வரை. குழாய் 40 மி.மீ. விட்டம், சுவருக்கும் குழாய்க்கும் நடுவே விரல் போக 50 மி.மீ. இடைவெளி. ஆக ஒரு பக்கத்துக்கு 90 போய்விடும், இரண்டு பக்கமும் 180. சுவருக்குச் சுவர் 1680 இருந்தால்தான் உள்ளே 1500 கிடைக்கும்.

நூலகத்துக்கு: 1680, நடுச்சுவர் 115, மறுபடி 1680, வெளிச்சுவர் 115. கூட்டினால் 3590. 4.5 மீட்டர் ஆழத்தில் வசதியாக உட்காருகிறது. பல ஊர்களின் விதிகள் பின்பற்றும் 2016 மாதிரிக் கட்டட விதிகள் 1800 அகலம் கேட்கின்றன. அது பொருந்தும் இடமென்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் 300 கூட்டுங்கள், 4190 வரும். அப்போதும் இடம் இருக்கிறது. இரண்டு விதி இரண்டு எண் சொன்னால் கடுமையானதை எடுப்பதுதான் என் பழக்கம். பின்னால் வாதாடவேண்டியதில்லை.

வாசல் கதவு வெளியே திறக்கிறது. பரவாயில்லையா?

கதவு சுழலும் இடம் லேண்டிங்கில் விழுந்தால் அது லேண்டிங் கணக்கில் சேராது. 1 மீட்டர் அகலக் கதவு வெளியே திறந்தால் 1.68 மீட்டர் ஆழமான மேல் லேண்டிங்கில் பெரும்பகுதியைத் துடைத்துவிடும். வீல்சேரில் வந்தவர் கதவைத் திறக்கப் பின்வாங்க வேண்டும், பின்னால் இருப்பது இறக்கம். நூலகத்தில் கதவை உள்பக்கம் திறக்கும்படி மாற்றினோம், செலவே இல்லை. மாற்ற முடியாத இடத்தில் லேண்டிங்கைக் கதவின் அகலம் அளவுக்குக் கூடுதலாகப் பெரிதாக்குங்கள். கதவுக் கைப்பிடி இருக்கும் பக்கம் கதவை ஒட்டி 450 மி.மீ. காலி இடம் விடவும் மறக்க வேண்டாம். இல்லையென்றால் கை எட்டாது.

பிளானில் அம்புக்குறி ஏறும் பக்கமா, இறங்கும் பக்கமா? வேறு என்ன எழுத வேண்டும்?

ஏறும் பக்கம். அம்பின் மேல் சாய்வை எழுதுங்கள், பக்கத்திலேயே அந்த ஓட்டத்தின் நீளமும். ஆனால் அம்பை நம்பி யாரும் கட்டமாட்டார்கள், மட்டத்தை நம்பித்தான் கட்டுவார்கள். அதனால் ஒவ்வொரு லேண்டிங்கிலும் மட்டம் எழுத வேண்டும்: 0, +300, +300, +600. +300 இரண்டு தடவை வருவது தவறல்ல. திருப்பு லேண்டிங்கில் முதல் ஓட்டம் முடியும் கோட்டிலும் இரண்டாம் ஓட்டம் தொடங்கும் கோட்டிலும் ஒரே எண் இருந்தால்தான் அது சமதளம் என்று கொத்தனாருக்குப் புரியும்.

பிளானில் காட்டும் நீளம் கிடைமட்ட நீளம், சாய்வான நீளம் அல்ல. நமது 3.9 மீட்டர் ஓட்டத்துக்கு இரண்டுக்கும் வித்தியாசம் 12 மி.மீ.கூட இல்லை, அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கைப்பிடியை மெல்லிய இரட்டைக் கோடாகக் காட்டுங்கள். மேல் கைப்பிடியும் கீழ் கைப்பிடியும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் பிளானில் ஒன்றுதான் தெரியும். இரண்டு இருக்கிறது என்பதை வெட்டுத்தோற்றமான செக்‌ஷன்தான் சொல்ல வேண்டும். பார்வை குறைந்தவர்களுக்கான எச்சரிக்கை டைல்களையும் ராம்ப் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் 300 மி.மீ. தள்ளி வரையுங்கள்.

மடக்கிப் போட்ட ராம்புக்குச் செக்‌ஷன் எங்கே வெட்டுவது? ஒரே குழப்பமாக வருகிறது.

குழப்பம் வரத்தான் செய்யும். இரண்டாம் ஓட்டத்தில் நீளவாக்கில் வெட்டினால் முதல் ஓட்டம் எதிர்த்திசையில் சாய்ந்து பின்னால் தெரியும், கத்தரிக்கோல் மாதிரி. நான் அப்படி வெட்டுவதே இல்லை. பதிலாக விரித்த செக்‌ஷன் வரைவேன். மடிப்பை நிமிர்த்தி, கீழ் லேண்டிங், முதல் ஓட்டம், திருப்பு லேண்டிங், இரண்டாம் ஓட்டம், மேல் லேண்டிங் என்று ஒரே நேர்கோட்டில். கைப்பிடி எங்கே சாய்கிறது, எங்கே சமமாகிறது என்று குழாய் வெல்டருக்கு அதிலிருந்தே தெரிந்துவிடும். உயரத்தையும் நீளத்தையும் ஒரே அளவுகோலில் வரையுங்கள். சாய்வு எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று உயரத்தை மட்டும் பெரிதாக்கினால் கைப்பிடி உயரம் எல்லாம் பொய்யாகிவிடும்.

இன்னொரு செக்‌ஷன் குறுக்கே, இரண்டு ஓட்டங்களின் நடுவில். அங்கே முதல் ஓட்டம் +150, இரண்டாவது +450. இந்த ஒரு படத்தில் 1500 அகலம், 50 இடைவெளி, சுவர், இரண்டு கைப்பிடி எல்லாம் வந்துவிடும். ஒரு பக்கம் சுவர் இல்லாமல் திறந்திருந்தால் விளிம்பில் 100 மி.மீ. திண்டு வைப்பதும் இங்கேதான் தெரியும். சக்கரம் வழுக்கி வெளியே போகாமல் தடுப்பது அதுதான்.

கைப்பிடி உயரம் ஒருவர் 760 என்கிறார், ஒருவர் 800, ஒருவர் 900. எது சரி?

760-ம் 900-ம் சேர்ந்தே வர வேண்டும். 900 நடந்து போகிறவர்களுக்கு, 760 வீல்சேரில் இருப்பவர்களுக்கும் குழந்தைகளுக்கும் குள்ளமானவர்களுக்கும். 800 என்பது மாதிரிக் கட்டட விதிகளில் வரும் எண். அமெரிக்க விதி 865 முதல் 965 வரை என்கிறது. இணையத்தில் எடுத்த படத்தை அப்படியே ஒட்டுகிறவர்கள் அங்கேதான் மாட்டுகிறார்கள்.

அந்த உயரத்தை எங்கிருந்து அளப்பது? சாய்வுக்கு நேர்செங்குத்தாகவா?

தூக்குக் குண்டு விட்டால் எப்படி விழுமோ அப்படி, முடிந்த தரையிலிருந்து குழாயின் மேல் விளிம்பு வரை. சாய்வுக்குச் செங்குத்தாக அளந்தாலும் வித்தியாசம் மூன்று மி.மீ.தான், அதற்காகச் சண்டை வேண்டாம். சண்டை போட வேண்டியது வேறு இடத்தில்: கான்கிரீட்டிலிருந்து 900 அளந்து கம்பத்தை நட்டுவிட்டு, அதன்மேல் 40 மி.மீ. கலவையும் டைலும் போட்டால் கைப்பிடி 860-க்கு இறங்கிவிடும். பிளின்த் உயரத்தில் பார்த்த அதே கதை.

செக்‌ஷனில் கைப்பிடி சாய்வோடு சாய்ந்து, லேண்டிங்கில் சமமாக, அறுபடாமல் போக வேண்டும். தரை உடையும் புள்ளிக்கு நேர் மேலே கைப்பிடியும் உடைய வேண்டும். ஒரு அடி தள்ளி உடைத்தால் அந்த இடத்தில் உயரம் 25 மி.மீ. மாறும், கண் தெரியாதவருக்குத் தரையைப் பற்றித் தவறான தகவலும் போகும்.

இரு முனையிலும் 300 நீட்டச் சொல்கிறீர்களே, ஆட்கள் இடித்துக்கொள்கிறார்கள்.

நீட்ட வேண்டும். சாய்வு தொடங்குவதற்கு முன்பே கை பிடிக்க வேண்டும், முடிந்து ஒரு எட்டு வைத்தபின்தான் விட வேண்டும். இடிப்பது நீட்டலால் அல்ல, அறுத்துவிட்ட முனையால். குழாய் முனையைச் சுவர்ப்பக்கம் மடக்குங்கள், அல்லது தரைக்கு இறக்கி மூடுங்கள். திறந்த முனையில் புடவைத் தலைப்பும் பை வாரும் மாட்டும்.

நீட்டல் சமமாக இருக்க வேண்டும், சாய்வாக அல்ல. நூலகத்தில் நடுச்சுவரின் உள்கைப்பிடிக்குத் திருப்பத்தில் நீட்டல் தேவையில்லை, அது சுற்றிக்கொண்டு இரண்டாம் ஓட்டத்துக்குத் தொடரும். கையை எடுக்காமலே திரும்பலாம்.

லேண்டிங் சமமாக இருந்தால் மழைத்தண்ணீர் தேங்காதா?

1:50 வரை வாட்டம் கொடுக்கலாம், அதைத் தாண்ட வேண்டாம். 1.5 மீட்டருக்கு 30 மி.மீ. தண்ணீர் ஓட அது தாராளம். ஓட்டத்திலும் குறுக்கு வாட்டத்துக்கு அதே எல்லைதான். கீழே தண்ணீர் பிடிக்கச் சல்லடை மூடி போட்டால் அதன் துவாரம் 12 மி.மீ.க்கு மேல் வேண்டாம், கம்பிகள் வண்டி போகும் திசைக்குக் குறுக்காக இருக்கட்டும். நீளவாக்கில் இருந்தால் முன்சக்கரம் சிக்கும்.

பழைய கட்டடம், இடமே இல்லை. 1:10 போட்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

அமெரிக்க விதி பழைய கட்டடங்களுக்கு ஒரு சலுகை தருகிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் ஏற்றம் 150 மி.மீ.க்குள் என்றால் 1:10, 75-க்குள் என்றால் 1:8. ஒரே தள்ளில் ஏறிவிடும் உயரம், அதனால்தான். அதைக் காட்டி 600-க்கு 1:10 கேட்க முடியாது. அப்படி இடமில்லையென்றால் பின்வாசல், பக்கவாட்டு வாசல், சின்ன லிஃப்ட் என்று பாருங்கள். பக்கத்து வாசலில் பிளின்த் உயரம் குறைவாக இருப்பது அடிக்கடி நடக்கும், மண் மேடான பக்கம்.

கட்டி முடித்தபின் சாய்வு சரியா என்று சைட்டில் எப்படிப் பார்ப்பது?

1.2 மீட்டர் நேர்ப்பலகையும் ரசமட்டமும் போதும். பலகையின் ஒரு முனையை ராம்பில் மேல்பக்கம் வையுங்கள், கீழ் முனையைக் குமிழ் நடுவுக்கு வரும்வரை தூக்குங்கள். கீழ் முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் 100 மி.மீ. என்றால் 1:12. 100-ஐத் தாண்டினால் எல்லை மீறியாச்சு. 1:13-க்கு 92 வரும்.

ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு வராதீர்கள், பலகையை நகர்த்திக்கொண்டே போங்கள். நூலகத்தில் முதல் ஓட்டம் முழுக்க 90, 93, 94 என்று வந்தது. இரண்டாம் ஓட்டத்தில் கதவுப் பக்கக் கடைசி இடத்தில் 108. மொத்த ஏற்றமும் நீளமும் சரி, ஆனால் கொத்தனார் நடுவில் கொஞ்சம் தாழ்த்தி முனையில் தூக்கியிருந்தார். பூச்சு காய்வதற்குள் பார்த்ததால் அன்று சாயங்காலமே கடைசி இரண்டு மீட்டரைக் கொத்தி எடுத்து, இரு முனைக்கும் நூல் கட்டி மறுபடி போட்டார்கள்.